இயக்குநர் குழுவுக்கான குறிப்பு: அயல்நாட்டுக் கூட்டாளியுடன் கூட்டு நிறுவனம் தொடங்கும் முன்மொழிவு

அனுப்புநர்: நிறுவனச் செயலர்
பெறுநர்: இயக்குநர் குழு உறுப்பினர்கள் அனைவரும்
தன்மை: ரகசியம். கூட்டத்துக்கு முன் படித்து வருவதற்கு மட்டும்.

குழுவிடம் கேட்பது

தொழிற்சாலைப் பம்புகளுக்கான சீல்களைத் தயாரிக்க, தொழில்நுட்பம் வைத்திருக்கும் அயல்நாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கலாமா என்பதே கேள்வி. பங்கு நமக்கு 51 சதவீதம், அவர்களுக்கு 49. கூட்டாளி அனுப்பிய பங்குதாரர் ஒப்பந்த வரைவு 62 பக்கம். அதை இரண்டு முறை வரி வரியாகப் படித்துவிட்டேன். என் பரிந்துரை இதுதான்: பேச்சைத் தொடரலாம், இந்த வரைவில் கையெழுத்திடக் கூடாது. தொழில்நுட்பம் நமக்குத் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் முதல் பக்கத்தில் கொடுக்கும் 51 சதவீதத்தைப் பின்வரும் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

கட்டுப்பாடு

இயக்குநர்கள் ஐந்து பேர். மூவர் நம்மவர், இருவர் அவர்கள். நிர்வாக இயக்குநரை நாம் நியமிப்போம், நிதித் தலைவரை அவர்கள் நியமிப்பார்கள். இதுவரை சரி. சிக்கல் இணைப்பு 3இல் இருக்கிறது. இரு தரப்பும் ஒப்பினால்தான் நிறைவேறும் என்று 27 விஷயங்கள் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. பங்கு வெளியீடு, நிறுவனத்தை இணைத்தல் அல்லது கலைத்தல், சொத்து முழுவதையும் விற்றல் போன்றவற்றில் சிறுபான்மைப் பங்குதாரர் பாதுகாப்புக் கேட்பது நியாயம். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு பட்ஜெட், மேலாளர் நிலைக்கு மேற்பட்ட எந்த நியமனமும், ஓராண்டைத் தாண்டும் எந்த விற்பனை ஒப்பந்தமும் அதே பட்டியலில் உள்ளன. அன்றாடத் தொழிலை நடத்தவே ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

கோரம் பற்றிய பிரிவு இதைவிடக் கவலை தருகிறது. அவர்கள் தரப்பில் ஒருவராவது இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. தள்ளிவைத்த கூட்டத்துக்கும் அதே விதி. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கூட்டு நிறுவனத்தில் இதே வாசகம் இருந்தது. பழுதான இயந்திரத்துக்கு மாற்று வாங்க வேண்டும். கூட்டாளியின் இயக்குநர் வரவில்லை. அறிவிப்பு அனுப்பினோம், மறுபடியும் வரவில்லை. எட்டு மாதம் பழைய இயந்திரத்தையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். தள்ளிவைத்த கூட்டத்தில், வந்தவர்களே கோரம் என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது. இந்த ஒரு வரிக்காக நான் வற்புறுத்துவதன் காரணம் அதுவே.

நமது எதிர்முன்மொழிவு: இருதரப்பு ஒப்புதல் தேவைப்படும் விஷயங்களை 9 ஆகக் குறைப்பது. பட்ஜெட் ஒப்புக்கொள்ளப்படாவிட்டால், முந்தைய ஆண்டுத் தொகையுடன் பணவீக்கத்தைச் சேர்த்துத் தானாக நடைமுறைக்கு வருவது.

கூடுதல் மூலதனம் பற்றிய பிரிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். செலுத்திய மூலதனம் 100 என்று கொள்வோம். மேலும் 20 தேவைப்படுகிறது. நம் பங்கான 10.2 ஐ 30 நாளில் கட்ட முடியாவிட்டால், அதையும் சேர்த்து அவர்களே முகமதிப்பில் கட்டலாம். அப்போது நம்மிடம் 120இல் 51, அதாவது 42.5 சதவீதம். ஒரே ஒரு தவணையில் பெரும்பான்மை போய்விடும்; பாதிக்குக் கீழே போனால் நிர்வாக இயக்குநரை நியமிக்கும் உரிமையும் போய்விடும் என்று பிரிவு 8 சொல்கிறது. 90 நாள் அவகாசமும், தவறினால் முதலில் பங்குதாரர் கடனாகக் கருதி, அதன் பிறகே நியாயமான மதிப்பில் பங்காக மாற்றுவதும் நமக்கு வேண்டும்.

லாபப் பங்கீடு

51க்கு 49 என்பது ஈவுத்தொகைக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. பணம் அதற்கு முன்பே வேறு வாசல்களில் வெளியேறுகிறது. மொத்த விற்பனையில் 5 சதவீத ராயல்டி, 2 சதவீதத் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம், கூட்டாளியிடமிருந்தே வாங்க வேண்டிய முக்கிய உதிரிபாகங்கள் என மூன்று வாசல்கள்.

விற்பனை 100, இந்தக் கட்டணங்களுக்கு முந்தைய லாபம் 12 என்று வைத்துக்கொள்வோம். ராயல்டியும் கட்டணமும் 7ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 5. 25 சதவீத வரி என்றால் 3.75. முழுவதையும் பங்கிட்டாலும் நமக்கு 1.91. அவர்களுக்கு 1.84ம் முன்பே வாங்கிய 7ம் சேர்ந்து 8.84. உதிரிபாக விற்பனையில் அவர்கள் வைக்கும் லாபம் இதில் இல்லை. விற்பனை குறைந்து லாபமே இல்லாத ஆண்டிலும் அந்த 7 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். நட்டத்தில் பாதிக்கு மேல் நம் தலையில் விழும்.

ராயல்டியை நிகர விற்பனையில், அதாவது அவர்களிடம் வாங்கிய உதிரிபாகங்களின் விலையைக் கழித்த பிறகு, 3 சதவீதமாக ஏழு ஆண்டுக்கு மட்டும் தரலாம். உதிரிபாகத்தின் விலை 30 என்றால் ராயல்டி 2.1, சேவைக் கட்டணத்துக்குப் பதில், உண்மையில் வந்து வேலை செய்த நாட்களுக்கு மட்டும் பணம். அந்தச் சிறு செலவை விட்டுப் பார்த்தால் வரிக்குப் பின் லாபம் 7.43 ஆகிறது, நமக்கு 3.79, அவர்களுக்கு ராயல்டியும் சேர்த்து 5.74. அப்போதும் தொழில்நுட்பம் தந்தவருக்கே கூடுதல், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. உதிரிபாக விலை, அவர்கள் பிற வாடிக்கையாளர்களுக்கு விற்கும் விலையை மிஞ்சக் கூடாது. அதைச் சரிபார்க்கும் தணிக்கை உரிமை நமக்கு வேண்டும். அயல்நாட்டுத் தொடர்புடைய நிறுவனத்துக்குத் தரும் விலையை வரித்துறையும் கேள்வி கேட்கக்கூடும் என்பதால் இது நம் தற்காப்பும்கூட.

ஈவுத்தொகையை இரு தரப்பும் ஒப்பினால்தான் அறிவிக்க முடியும் என்கிறது வரைவு. ராயல்டி வரும் கூட்டாளிக்கு ஈவுத்தொகை அவசரமில்லை, நமக்கு அதுதான் ஒரே வருமானம். வரிக்குப் பின் லாபத்தில் குறைந்தது 40 சதவீதம் கட்டாயம் பங்கிடப்பட வேண்டும் என்று எழுத வேண்டும்.

வெளியேறுதல்

கல்யாணப் பேச்சிலேயே பிரிவைப் பற்றிப் பேசுவதா என்று கடந்த கூட்டத்தில் ஓர் உறுப்பினர் வருந்தினார். அவர் மனம் புரிகிறது. ஆயினும் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு இருக்கும் இப்போதுதான் நியாயமான விதிகளை எழுத முடியும்.

முட்டுக்கட்டை 60 நாளில் தீராவிட்டால், ஒரு தரப்பு விலை சொல்ல, மறு தரப்பு அந்த விலைக்கு வாங்க வேண்டும் அல்லது விற்க வேண்டும் என்கிறது பிரிவு 17. பார்வைக்கு இது சமநீதி. பணம் கட்ட அவகாசம் 45 நாள் என்னும்போது கைவசம் பணம் உள்ளவரே வெல்வார். நம்மால் 45 நாளில் அவ்வளவு கடன் திரட்ட முடியாது. இது அவர்களுக்கும் தெரியும். குறைவான விலை சொன்னாலும் நாம் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். சுயேச்சையான மதிப்பீட்டாளர் சொல்லும் விலையும், 180 நாள் அவகாசமும் இல்லாமல் இந்தப் பிரிவை ஏற்கக் கூடாது.

ஐந்தாண்டுக்குப் பின் நம் பங்குகளைப் புத்தக மதிப்பில் வாங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நாம் வளர்த்த வாடிக்கையாளர் வட்டம் புத்தகத்தில் ஏறாது. நியாயச் சந்தை மதிப்பு என்று மாற்ற வேண்டும்; அதே மதிப்பில் விற்றுவிட்டு விலகும் உரிமையும் நமக்கு வேண்டும்.

நாம் அவர்களை வாங்கினாலும் தொழில்நுட்ப உரிமம் அன்றே முடிந்துவிடும். உரிமம் இல்லாத ஆலையை வாங்குவது காலிக் கட்டடத்தை வாங்குவதற்குச் சமம். மூன்றாண்டுக்காவது உரிமம் தொடர வேண்டும். பிரிந்தபின் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற தடை நமக்கு ஐந்தாண்டு, அவர்களுக்கு ஓராண்டு. இரண்டும் சமமாக வேண்டும். புதிய நிறுவனத்துக்கு மாறும் நம் ஊழியர்கள் 64 பேர். பிரிவு வந்தால் பணி மூப்போடு அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கான செலவை யார் ஏற்பது என்று வரைவில் ஒரு சொல்கூட இல்லை. ஊழியர்களிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முன் இதற்கு விடை வேண்டும்.

தகராறுகளை அவர்கள் நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பதை மாற்றி, நடுநிலையான மூன்றாம் நாட்டில் நடுவர் தீர்ப்பாயம் என்று கேட்கலாம். ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது கடினம். நடுவர் தீர்ப்புகளுக்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை உதவுகிறது. அதில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன.

தீர்மான வரைவு

பேச்சைத் தொடர நிர்வாக இயக்குநருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. கோரம், மூலதன நீர்த்தல், ராயல்டி அடிப்படை, பிரிவு 17இன் அவகாசமும் மதிப்பீடும், உரிமத் தொடர்ச்சி ஆகிய ஐந்தில் எதையும் குழுவின் முன் அனுமதியின்றி விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்றவற்றில் அவர் பேரம் பேசலாம்.

கூட்டாளியின் குழு வரும் 18ஆம் தேதி வருகிறது. திருத்தங்கள் சேர்த்த வரைவு 12ஆம் தேதிக்குள் வழக்கறிஞரிடம் போக வேண்டும். உறுப்பினர்களின் கருத்துகளை 10ஆம் தேதி மாலைக்குள் எனக்கு எழுத்தில் அனுப்பவும்.