ரெண்டு இழை

இந்த மார்கழி பிள்ளையார் நோன்புக்கு நான் ரெண்டு இழை எடுத்துக்கிட்டேன்.

நம்ம நகரத்தார் ஆளுகளுக்கு இந்த ஒரு வரியே போதும். இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேரு எங்க ஆத்தாவுக்குப் போன் அடிச்சிருப்பீக. அடிங்க. அவுகளுக்கு இன்னைக்குத்தான் வாயத் திறக்க உத்தரவு கிடைச்சிருக்கு. பாவம், இத்தன நாளா ஒரு கல்யாண வீடு விடாமப் போயி, "மக வீட்டுல ஏதும் விசேஷம் உண்டா?"ன்னு கேட்டவுகளுக்கெல்லாம் "பிள்ளையார் பாத்துக்குவாரு"ன்னு சொல்லிட்டு, பந்தியில இலைய விட்டு நிமிராமச் சாப்பிட்டு வந்தாக. ரகசியம் காக்கிறதுல எங்க ஆத்தாவுக்கு இது முதல் அனுபவம். தேறிட்டாக.

ஆபீஸ் சிநேகிதங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடுறேன், இல்லேன்னா திங்கக்கிழமை "இழைன்னா என்ன?"ன்னு என் மேசையச் சுத்தி நிப்பீங்க. திருக்கார்த்திகையில இருந்து 21 நாள் கணக்கு. கோடி வேட்டியில இருந்து நாளுக்கு ஒரு நூல் எடுத்து வச்சு, 21 நூலையும் சேத்துத் திரிச்சா ஒரு இழை. சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு, பச்சரிசி மாவு, வெல்லம், நெய் போட்டுப் பிசைஞ்சு, சின்னதாப் பிள்ளையார் மாதிரி பிடிச்சு, அதுல திரிய வச்சு ஏத்துவாக. வீட்டுல மூத்தவுக கையால அத வாங்கி, எரியுற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும். ஆமா, நெருப்போடதான். வாய மூடுனதும் அணைஞ்சிரும், அப்புறம் மாவு இனிக்கும். ஆளுக்கு ஒரு இழை. மாசமா இருக்கிறவுகளுக்கு மட்டும் ரெண்டு. வயித்துல இருக்கிற ஆளுக்கும் பங்கு உண்டுங்கிறது கணக்கு.

இப்பப் புரிஞ்சிருச்சா? சரி, கத்துறவங்க கத்திக்கலாம். நாங்க ஏற்கெனவே கத்தியாச்சு.

இந்த நோன்ப சென்னையிலேயே சங்கத்துல எடுத்திருக்கலாம். ஆனா இந்தத் தடவ பள்ளத்தூர் வீட்டுலதான்னு இவுக அப்பத்தா சொல்லிட்டாக. பல்லவன்ல வந்து காரைக்குடியில எறங்கி, பூட்டியே கெடந்த வீட்டத் திறந்து, வளவு முழுக்கக் கழுவி விட்டு, ஆவாரம்பூ கொண்டாந்து, பொரி உருண்டை பிடிச்சு, ஒரே அமளி. என்னைய மட்டும் ஒரு வேலையும் தொட விடல. "நீ சும்மா இரு"ன்னு ஒரு ஓரமா ஒக்கார வச்சுட்டாக. அதப் பாத்தே ரெண்டு சித்தி, மூணு ஆச்சிக்கு மூக்கு வேர்த்திருச்சு. ஆனா கேக்க மாட்டாக. நம்ம பக்கம் அது ஒரு நாகரிகம்: தெரிஞ்சிருக்கும், கேக்க மாட்டாக, ஆனா தட்டுல கந்தரப்பம் மட்டும் ஒண்ணு கூடுதலா விழும்.

இழை குடுத்தது இவுக ஐயா. கை லேசா நடுங்கும், ஆனா திரி ஏத்துறதுல இன்னும் யாரையும் நம்ப மாட்டாக. ஒவ்வொரு ஆளா வந்து வாங்கிட்டுப் போனாக. என் முறை வந்துச்சு. ஒண்ணு வாங்கி வாயில போட்டேன். நகராம நின்னேன். ஐயா அடுத்த ஆளப் பாத்துக் கைய நீட்டிட்டாக. பின்னாடி இருந்து அத்தை மெதுவா, "இன்னொண்ணு குடுங்க"ன்னாக. ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன?"ன்னாக. அத்தை மறுபடியும் சொன்னாக, இந்தத் தடவ பட்டாலை வரைக்கும் கேட்டுச்சு. ஐயா கண்ணாடியக் கழட்டி, வேட்டித் தலைப்புல தொடச்சு, மறுபடி போட்டு, என்னைய ஒரு தடவ பாத்தாக. அப்புறம் தட்டுல இருந்ததுலயே பெரிய மாவாத் தேடி எடுத்தாக.

அதுக்குள்ள நாத்தனார் மகன், அஞ்சு வயசு, பெருங்குரல்ல ஒரு நியாயம் கேட்டான்: "அத்தைக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

அப்பத்தா பதில் சொன்னாக: "ஒண்ணு, கேக்க வாய் இல்லாதவுகளுக்கு."

அவனுக்குப் புரியல. "எனக்கும் வாய் வலிக்குது"ன்னு சொல்லிப் பாத்தான். நடக்கல. பொரி உருண்டை குடுத்துச் சமாதானம் பண்ணுனோம்.

இனி இந்தப் படத்தப் பத்தி. ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை, அதுல ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டுல ரெண்டு மாவு, ரெண்டு சுடர். அவ்வளவுதான். என் முகம் இல்ல, வயிறு இல்ல, ஸ்கேன் படம் இல்ல. தேடிப் பாத்துப் பெருசாக்கிப் பாக்க வேணாம். பெருசாக்குனா தெரியிறது கல்லுல இருக்கிற பூ மட்டும்தான். வலது ஓரத்துல கறுப்பா ஒரு புள்ளி இருக்கே, அது கேமராவுல அழுக்கு இல்ல. அப்பத்தா, "போட்டாவுக்கும் ஒரு பொட்டு வையி, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது"ன்னாக. நான் போன்லயே வரைஞ்சு வச்சேன். நம்பிக்கையான்னு கேட்டா, ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. பெரியவுக மனசு நெறைஞ்சா எனக்குத் தூக்கம் நல்லா வருது.

நோன்பு அன்னைக்கு உங்க போன்ல எடுத்த படம் உங்ககிட்டயே இருக்கட்டும். குடும்பக் குரூப்புல ஏத்திட வேணாம். இந்த ஒண்ணு போதும்.

அடுத்து, நீங்க கேக்கப் போற கேள்விக்கெல்லாம் பதில இப்பவே சொல்லிடுறேன்.

எத்தனாவது மாசம்? வெளியில சொல்லலாம்னு பெரியவுக சொன்ன மாசம். எப்ப தேதி? நல்ல நாளாப் பாத்து அவுகளே வருவாக, நாம நெருக்க வேணாம். எந்த ஆஸ்பத்திரி, யாரு டாக்டர்? நல்லாப் பாக்குறாக, அது போதும். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு விரல் விட்டு எண்ணுறவுகளே, அந்தக் கணக்க அப்படியே விட்டுருங்க; அதுல வர்ற விடை யாருக்கும் உதவாது.

பையனா பொண்ணா? எங்களுக்கும் தெரியாது. சிங்கப்பூர், மலேசியாவுல இருக்கிற அண்ணன்மாருக்கு மட்டும் தனியாச் சொல்றேன்: அங்க ஸ்கேன் பாத்துச் சொல்லுவாக, நீங்க நீல பலூன், ரோஸ் பலூன் விடுவீக. இங்க 1994-ஆம் வருஷச் சட்டப்படி அத டாக்டர் சொல்லவும் கூடாது, நாம கேக்கவும் கூடாது. ரொம்ப நல்ல சட்டம். அதனால நாங்க நிம்மதியா இருக்கோம்.

பேரு? அந்த வேலை எங்களுக்கு இல்லவே இல்ல. எங்க வீட்டு வழக்கப்படி ஐயா பேரும் அப்பத்தா பேரும் காத்திருக்கு. கூப்பிடுற பேருக்கு மட்டும்தான் எங்களுக்கு உரிமை. அதுக்கும் நாத்தனார் மகன் ஒரு பேரு வச்சிட்டான். அது ஒரு பூச்சியோட பேரு. வெளியில சொல்றதா இல்ல.

இப்ப ஒரு வேண்டுகோள். சட்டை, தொப்பி, பொம்மை, பால் புட்டி எதுவும் இப்ப வேணாம். ஆசையா வாங்கி வச்சிருந்தா உங்க அலமாரியிலயே இருக்கட்டும், கையில பிள்ளை வந்தப்புறம் உரிமையோட கேட்டு வாங்கிக்குவேன். எங்க வீட்டுத் தொட்டில் கம்பு பரண்ல இருக்கு, இவுக அதுல ஆடுனதுதான். அதக் கூட இன்னும் எறக்கல. எறக்கக் கூடாதுன்னு அப்பத்தா பரண் ஏணியவே ஒளிச்சு வச்சிருக்காக. வளைகாப்புக்குச் சொல்ல வேண்டிய முறைப்படி சொல்லுவோம், பெரியவுக நேர்ல வந்து அழைப்பாக. இந்தப் பதிவ அழைப்பா எடுத்துக்கிட்டு வளையலோட வந்துராதீக.

ஆனா பலகாரத்துக்கு இந்த விதி கிடையாது. சீப்புச் சீடை, மாவுருண்டை, உக்காரை எது வந்தாலும் வரவேற்போம். கவுனரிசி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம். ஏன்னு கேக்காதீக, வாடையே ஆக மாட்டேங்குது. கவுனரிசி பிடிக்காத ஒருத்தி நகரத்தார் வீட்டுல இருக்கலாமான்னு அத்தை கவலப்படுறாக.

இன்னொண்ணு. இத வாசிச்சிட்டு யாராவது போன ஓரமா வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்தா, அவுகளுக்கு: நீங்க வாழ்த்து போட வேணாம், வளைகாப்புக்கு வரணும்னும் இல்ல. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். "விசேஷம் உண்டா?"ங்கிற கேள்விய நானும் நிறையப் பந்தியில கேட்டவதான். இனிமே அத யாருகிட்டயும் கேக்க மாட்டேன்னு நானும் இவுகளும் பேசி வச்சிருக்கோம்.

நேத்து காலையில பிள்ளையார்பட்டி போயி ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தோம். கற்பகவிநாயகர்கிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல, பட்டியல் போட்டா அவருக்கும் கண்ணு கட்டும். திரும்புற வழியில கொப்புடையம்மனுக்கும் ஒரு கும்பிடு. நீங்களும் உங்க சாமிகிட்ட, உங்க பாசையில, எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. அதுதான் எங்களுக்கு இப்ப வேண்டிய மொய்.

நம்ம கோயில் புள்ளிக் கணக்குல நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கும் ஒரே புள்ளிதான். புது ஆளு தனிப் புள்ளி ஆகணும்னா அவுகளுக்குக் கல்யாணம் ஆகணும். அதுக்கு அவசரமில்ல. "எங்க வீட்டுல பொண்ணு இருக்கு, பையன் இருக்கு"ன்னு இப்பவே சாதகத்தோட கெளம்புற சித்திமாரே, கொஞ்சம் பொறுங்க.

போன் எடுக்கலேன்னா கோவிச்சுக்காதீக, தூங்கிக்கிட்டு இருப்பேன். எதுவா இருந்தாலும் ஆத்தாவக் கேளுங்க. அவுகளுக்கும் இதுக்கு மேல தெரியாது, ஆனா ஒரு மணி நேரம் பேசுவாக.

#ரெண்டுஇழை #பிள்ளையார்நோன்பு #பள்ளத்தூர் 🧿