மோட்டார் கொட்டகையில் ஒரு நேர்காணல்

திங்கட்கிழமை கயல்விழிக்கு நேர்காணல். வேளாண்மைப் பட்டப்படிப்புக்கான உதவித்தொகை அது. கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை. நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

அவள் ஒரு நோட்டில் கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைத்திருந்தாள். எல்லாம் நீளமான, அழகான வாக்கியங்கள். காலையிலும் மாலையிலும் அவற்றை மனப்பாடம் செய்தாள். ஆனால் எதிரே யாராவது உட்கார்ந்து கேட்டால்தானே பயம் போகும்?

அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கயல் அவரை மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார வைத்தாள்.

"நீங்கள்தான் அதிகாரி. தமிழில் கேளுங்கள் அப்பா. நான் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறேன்."

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே. நீ சொல்வது சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"பரவாயில்லை, கேளுங்கள்."

அப்பா தலைத்துண்டை எடுத்து மடித்து வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவர் உண்மையாகவே ஓர் அதிகாரியைப் போலத் தெரிந்தார்.

"உன்னைப் பற்றிச் சொல், அம்மா."

கயல் மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தது. அந்த ஒரு சொல்லோடு பின்னால் இருந்த எல்லாமே மறந்துபோயின. மனப்பாடத்தில் இதுதான் ஆபத்து. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

"நீ கூரையைப் பார்த்துப் பேசுகிறாய்," என்றார் அப்பா. "அங்கே என்ன எழுதியிருக்கிறது?"

கயலுக்கு அழுகை வந்தது. அப்பா எழுந்து வயலில் இறங்கினார். ஓர் உளுந்துச் செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் வேரைக் கழுவினார். அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"நெல்லுக்குப் பிறகு நான் ஏன் உளுந்து போடுகிறேன்? இதுதான் கேள்வி."

வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தன. கயல் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அப்படி இருந்தால் அது நன்றாக வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளியிலும் படித்திருக்கிறாள், அப்பாவும் காட்டியிருக்கிறார்.

"லுக் ஹியர், சார்," என்றாள். வேரை அவர் பக்கம் நீட்டினாள். "திஸ் இஸ் எ ரூட்." பிறகு முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். அதற்குள் பாக்டீரியா இருக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. அறுவடைக்குப் பிறகு வேர் மண்ணில் மக்குகிறது. அதனால் அடுத்த பயிருக்கு யூரியா குறைவாகப் போதும். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். ஓரிடத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பின. அவள் நிற்கவில்லை. திருத்திக்கொண்டு மேலே போனாள்.

"நைட்ரஜன், யூரியா இரண்டும் எனக்குப் புரிந்தன," என்றார் அப்பா. "மற்றதை உன் கை சொல்லிவிட்டது. இப்போது என்னைப் பார்த்துப் பேசினாய்."

கயல் நோட்டைத் திறந்தாள். முதல் பதிலில் இருந்த பெரிய வாக்கியங்களை அடித்தாள். 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஐ வொர்க் வித் ஹிம்' என்று எழுதினாள். முன்பு எழுதிய பதிலில் அப்பா எங்குமே இல்லை.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கும் அதிகாரியாக ஆசை வந்தது.

"நான் ஒன்று கேட்கிறேன். மழை பெய்து வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றால் அந்த முடிச்சு என்ன ஆகும்?"

கயலுக்குப் பதில் தெரியவில்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். கண் தானாகக் கூரைக்குப் போனது. அப்பா தொண்டையைச் செருமினார். அவள் கண்ணைக் கீழே இறக்கி அம்மாவைப் பார்த்தாள்.

"ஐ டோன்ட் நோ, மேடம். ஐ வான்ட் டு லேர்ன் இட்."

"என்ன சொல்கிறாள்?" என்று அம்மா கேட்டார்.

"தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன் அம்மா."

"அதற்குத்தானே படிக்கப் போகிறாய்," என்றார் அம்மா. "சரி, அடுத்த கேள்வி. எங்களை விட்டுவிட்டு விடுதியில் தனியாக இருப்பாயா?"

இந்தக் கேள்வி நோட்டில் இல்லை. கயல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்கினாள்.