ஈர்ப்பியல் தேர்வுக் கணக்கு: 3200 கி.மீ. உயரத்தில் ஒரு துணைக்கோள்

வினா (12 மதிப்பெண்கள்)

500 கிலோகிராம் நிறையுள்ள துணைக்கோள் ஒன்று, புவியின் பரப்பிலிருந்து 3200 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றி வருகிறது. புவியின் ஆரம் R = 6400 km, பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் g = 10 m/s² எனக் கொள்க. காற்றின் தடை, புவியின் தற்சுழற்சி, நிலவு மற்றும் சூரியனின் ஈர்ப்பு ஆகியவற்றைப் புறக்கணிக்கவும்.

(அ) அந்தச் சுற்றுப்பாதையில் புவியின் ஈர்ப்பு தன்னிலை எவ்வளவு? (2)

(ஆ) துணைக்கோளின் சுற்றியக்க வேகத்தையும் சுற்றுக்காலத்தையும் காண்க. (3)

(இ) அந்த இடத்தில் விடுபடு வேகம் எவ்வளவு? இயங்கும் திசையிலேயே எஞ்சினை இயக்கினால், துணைக்கோள் புவியிலிருந்து விடுபட எவ்வளவு வேகம் கூடுதலாகத் தேவை? (2)

(ஈ) விடுபட வைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைக் கணக்கிடுக. (2)

(உ) எஞ்சின் சிறிது நேரமே இயங்கி, இயங்கும் திசையிலேயே வேகத்தை 8 km/s வரை மட்டும் கூட்டிவிட்டு நின்றுவிட்டது. துணைக்கோள் விடுபடுமா? விடுபடாது எனில், புவியின் பரப்பிலிருந்து அது அடையும் அதிகபட்ச உயரம் எவ்வளவு? (3)

விடையும் விளக்கமும்

ஐந்து உட்பிரிவுகளைப் பார்த்ததும் ஐந்து சூத்திரங்களைத் தேட வேண்டாம். இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது: ஈர்ப்பு தன்னிலை V. அதை முதலில் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், சுற்றியக்க வேகம் √(−V), விடுபடு வேகம் √(−2V), ஒரு கிலோகிராமுக்கான மொத்த ஆற்றல் V/2. அதனால்தான் தன்னிலையை முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

(அ) G-யும் புவியின் நிறையும் வினாவில் தரப்படவில்லை. தேவையும் இல்லை. பரப்பில் g = GM/R² என்பதால் GM = gR². இதில் வரும் g பரப்பிலுள்ள மதிப்பு. உயரத்துக்கு ஏற்ப அதைக் குறைத்துப் போடக் கூடாது. GM என்பது புவிக்கு உரிய மாறிலி, துணைக்கோள் எங்கே இருந்தாலும் அது மாறாது.

r = R + h = 6400 + 3200 = 9600 km = 1.5 R

V = −GM/r = −gR²/(1.5 R) = −gR/1.5

gR = 10 × 6.4 × 10⁶ = 6.4 × 10⁷ J/kg

V = −4.27 × 10⁷ J/kg

சூத்திரத்துக்கும் r மதிப்புக்கும் 1 மதிப்பெண், அலகோடும் குறியோடும் சேர்ந்த விடைக்கு 1. எதிர்க்குறியை விட்டால் அந்த இரண்டாவது மதிப்பெண் கிடையாது. முடிவிலாத் தொலைவில் தன்னிலையைச் சுழி என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கிருந்து உள்ளே வர வர அது குறைந்துகொண்டே போகிறது. அந்த எதிர்க்குறிதான் துணைக்கோள் புவியோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு (ஈ), (உ) இரண்டையும் சரியாக முடிக்கவே முடியாது.

R-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 1.5 R என்று எழுதியதையும் கவனியுங்கள். 6400, 9600 என்று மீட்டரில் விரித்து எழுதினால் பத்தின் அடுக்குகளில் எங்காவது சறுக்கும். விகிதமாக வைத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் gR என்ற ஒரே எண்ணோடு முடிந்துவிடும்.

(ஆ) வட்டப்பாதைக்குத் தேவையான மையநோக்கு விசையை ஈர்ப்பு விசையே தருகிறது.

mv²/r = GMm/r²

v² = GM/r = −V

v = √(4.27 × 10⁷) = √(42.7 × 10⁶) = 6.53 × 10³ m/s = 6.53 km/s

வர்க்கமூலம் எடுக்கும்போது பத்தின் அடுக்கை இரட்டைப்படையாக மாற்றிக்கொள்ளுங்கள். 10⁷-ஐ அப்படியே விட்டு 4.27-க்கு மூலம் எடுத்தால் 2.07 வரும், அதை 10³-ஓடு பெருக்கினால் 2.07 km/s என்று ஆகிவிடும், தவறு.

இந்தக் கணக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. r இருக்க வேண்டிய இடத்தில் h-ஐப் போட்டால்:

v = √(gR²/h) = √(2gR) = 11.3 km/s

பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். ஆனால் இது புவியின் பரப்பில் உள்ள விடுபடு வேகம்! விடுபடு வேகத்தில் போகும் ஒன்று எப்படி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்? இன்னும் எளிதாகச் சோதிக்கலாம். புவியை ஒட்டிச் சுற்றும் வட்டப்பாதையின் வேகம் √(gR) = 8 km/s. உயரம் கூடக் கூட சுற்றியக்க வேகம் குறையத்தான் வேண்டும். ஆகவே புவியைச் சுற்றும் எந்த வட்டப்பாதைக்கும் 8-க்கு மேல் விடை வந்தால், r-ஐத் திரும்பிப் பாருங்கள்.

சுற்றுக்காலம்:

T = 2πr/v = (2 × 3.14 × 9.6 × 10⁶)/(6.53 × 10³) ≈ 9230 s

அதாவது ஏறத்தாழ 2 மணி 34 நிமிடம். வேகத்துக்கு 2, காலத்துக்கு 1 மதிப்பெண். வேகம் தவறாகி, அதே வேகத்தை வைத்துக் காலத்தைச் சரியான முறையில் கண்டிருந்தால் அந்த 1 மதிப்பெண்ணைத் தந்துவிடலாம்.

(இ) விடுபடுவது என்றால் மொத்த ஆற்றல் சுழியாவது.

½v² + V = 0

v = √(−2V) = √(8.53 × 10⁷) = 9.24 km/s

கூடுதல் வேகம் = 9.24 − 6.53 = 2.71 km/s

11.2 km/s என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது புவியின் பரப்புக்கு மட்டுமே. மேலே போகப் போக விடுபடு வேகம் குறையும். எந்த இடமானாலும் மாறாதது ஒன்று உண்டு: அங்குள்ள விடுபடு வேகம் வட்டப்பாதை வேகத்தைப் போல √2 மடங்கு. புவி சூரியனைச் சுற்றும் வேகம் சுமார் 30 km/s. புவியின் தொலைவிலிருந்து சூரியனின் பிடியை விட்டு வெளியேற வேண்டிய வேகம் சுமார் 42 km/s. அங்கேயும் அதே √2.

வினாவில் ‘இயங்கும் திசையிலேயே’ என்ற சொற்கள் சும்மா வரவில்லை. விடுபடு வேகம் திசையைச் சார்ந்தது அல்ல, உண்மைதான். ஆனால் கூடுதலாகத் தர வேண்டிய வேகம் திசையைப் பொறுத்து மாறும். புவிக்கு நேர் எதிராக, வெளிப்புறமாகத் தள்ளினால் இரு திசைவேகங்களும் செங்குத்தாகக் கூடும்:

6.53² + u² = 9.24²

இதிலிருந்து u = 6.53 km/s. 2.71 போதும் என்றிருந்த இடத்தில் 6.53 தேவைப்படுகிறது! துணைக்கோள் ஏற்கெனவே வைத்திருக்கும் வேகத்தோடு நேராகச் சேர்வதுதான் லாபம். விண்கலங்களை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் இயங்கும் திசையில் எஞ்சினை இயக்குவதற்கு இதுவே காரணம்.

(ஈ) சுற்றுப்பாதையில் மொத்த ஆற்றல்:

E = ½mv² + mV = −½mV + mV = ½mV

E = ½ × 500 × (−4.27 × 10⁷) = −1.07 × 10¹⁰ J

இதைச் சுழிக்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல் 1.07 × 10¹⁰ J. சரிபார்க்க, இயக்க ஆற்றல்களின் வேறுபாட்டைப் பாருங்கள்: ½ × 500 × (8.53 − 4.27) × 10⁷ = 1.07 × 10¹⁰ J. mV முழுவதையும் எடுத்து 2.13 × 10¹⁰ என்று எழுதியவர்கள், துணைக்கோளிடம் ஏற்கெனவே இயக்க ஆற்றல் இருப்பதை மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு 1 மதிப்பெண்.

அப்புறம், ½ × 500 × 2.71² என்று கூடுதல் வேகத்தை மட்டும் வர்க்கப்படுத்தக் கூடாது. வேகங்களைக் கழித்துப் பிறகு வர்க்கப்படுத்துவதும், வர்க்கங்களைக் கழிப்பதும் ஒன்றல்ல. இதற்கு மதிப்பெண் இல்லை.

(உ) 8 என்பது 9.24-ஐ விடக் குறைவு. ஆகவே விடுபடாது; பாதை நீள்வட்டமாக மாறும் (1 மதிப்பெண்). ஒரு கிலோகிராமுக்கான ஆற்றல்:

½ × (8000)² − 4.27 × 10⁷ = 3.2 × 10⁷ − 4.27 × 10⁷ = −1.07 × 10⁷ J/kg

இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். உச்சியில் வேகம் சுழி என்று வைத்தால் −gR²/r = −1.07 × 10⁷, r = 6R என்று வந்துவிடும். நேர் மேல்நோக்கி எறியப்பட்ட பொருளுக்கு அது சரி. இது பக்கவாட்டில் பாயும் பொருள், கோண உந்தம் உண்டு. கோண உந்தம் மாறாதிருக்க, மிகத் தொலைவான புள்ளியிலும் கொஞ்சம் வேகம் மிஞ்சியே தீரும். அந்த மிச்ச வேகத்துக்கான ஆற்றலும் போக மீதிதான் உயரமாக மாறும்.

தொலைவான புள்ளியை r = xR என்க. அங்கும் திசைவேகம் ஆரத்துக்குச் செங்குத்து. எனவே:

v × xR = 8000 × 1.5R

v = 12000/x

½v² = 7.2 × 10⁷/x²

ஆற்றல் மாறாததால்:

7.2 × 10⁷/x² − 6.4 × 10⁷/x = −1.067 × 10⁷

இரு பக்கமும் 1.067 × 10⁷ ஆல் வகுத்து, x² ஆல் பெருக்கினால்:

x² − 6x + 6.75 = 0

(x − 1.5)(x − 4.5) = 0

x = 1.5 நாம் புறப்பட்ட இடம். அது ஒரு தீர்வாக வந்தே ஆக வேண்டும்; வராவிட்டால் சமன்பாட்டில் எங்கோ பிழை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். மற்றது x = 4.5.

r = 4.5 × 6400 = 28800 km

உயரம் = 28800 − 6400 = 22400 km

அங்கே வேகம் 12000/4.5 ≈ 2670 m/s. ½v² = 0.36 × 10⁷, தன்னிலை −1.42 × 10⁷, கூட்டினால் −1.07 × 10⁷ வருகிறது, சரி.

கோண உந்தச் சமன்பாட்டுக்கு 1 மதிப்பெண், இறுதி விடைக்கு 1. நீள்வட்டத்தின் அரைநெட்டச்சை E/m = −GM/2a வழியாகக் கண்டு (a = 3R), 2a − 1.5R = 4.5R என்று இரண்டே வரியில் முடித்தவர்களுக்கும் முழு மதிப்பெண். 28800 km-ஐயே உயரம் என்று எழுதி நிறுத்தியவர்களுக்கு அரை மதிப்பெண் குறையும். வினா கேட்டது பரப்பிலிருந்து.