26 வருஷத்துக்கு அப்புறம் நான் மட்டும் போன 4 நாள் ட்ரிப், போட்டோக்களோட

ஒரே ஒரு பை. யாரோட மாத்திரையும், யாரோட ஸ்வெட்டரும் இதுல இல்ல.

ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தது என் பொண்ணு. "போய் சேந்ததும் மெசேஜ் போடும்மா"ன்னா. இத்தனை நாளா நான் அவகிட்ட சொன்னது.

ஜன்னல் சீட்டு! பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் கேப்பாங்க, நான் எப்பவும் நடுவுல, மடியில சாப்பாட்டு பை. இன்னைக்கு ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் வெளிய மட்டும்தான் பாத்துட்டு வந்தேன், கண்ணு எரிஞ்சுது, பரவால்ல.

லாட்ஜ் ரெஜிஸ்டர்ல "எத்தனை பேர்" கட்டத்துல 1ன்னு போட்டேன். கை கொஞ்சம் நடுங்குச்சு.

காலைல 4:45. அலாரம் வைக்கல, டிபன் கட்ட வேண்டிய பாக்ஸும் இல்ல, உடம்பு அதுபாட்டுக்கு எழுந்துருச்சு. சரின்னு செருப்ப மாட்டிட்டு கடற்கரைக்கு நடந்தேன். இந்த சூரியன் அதனாலதான் கிடைச்சுது.

இந்த காலி தட்டு போட்டோ எதுக்குன்னு கேப்பீங்க. மெனுவ கையில வச்சுகிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், வீட்ல யாருக்கு காரம் ஆகாது, யாருக்கு உப்பு குறைக்கணும், யாரு வெங்காயத்தை ஒதுக்கி வைப்பாங்கன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா எனக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சப்போ சட்டுனு ஒண்ணும் தோணல, தொண்டை அடைச்சுகிச்சு. அப்புறம் இதுவரைக்கும் சாப்பிடாத ஒண்ண சொன்னேன். பிடிச்சிருந்துது. ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன்.

"தனியாவா வந்தீங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க.
"ஆமாங்க."
காரணம் எதுவும் சொல்லல.

போட்டோ எடுத்து குடுத்தது அந்த அக்காதான். எங்க வீட்டு ஆல்பத்துல நான் இருக்கற படம் ரொம்ப கம்மி, எடுக்கறவ நானாச்சே. இதுல நான் நடுவுல நிக்கறேன்.

மூணாவது நாள், காலைல 8:20, படுக்கைல இருந்தே எடுத்தது. அத்தை படுத்த படுக்கையா இருந்த 6 வருஷம் ஒரு ராத்திரி கூட நான் முழுசா தூங்கினதில்ல, கூப்பிட்டா கேக்கணுமேன்னு ஒரு காது முழிச்சே இருக்கும். அவங்கள பாத்துகிட்டதுல எனக்கு குறையே இல்ல, கடைசில என் கைய பிடிச்சுகிட்டேதான் போனாங்க. அந்த காது நேத்துதான் தூங்குச்சு. 9 மணி நேரம்.

அலை கால்ல படும்போது அவர் போன். "கேஸ் புக் எங்க?" சொன்னேன். "சரி, நீ பாரு, நாங்க பாத்துக்கறோம்"னு அவரே வச்சுட்டார். அதுக்கப்புறம் எடுத்த கடல் இது.

பயந்தேனான்னா, ஆமா, முதல் ராத்திரி கதவு தாழ்ப்பாள மூணு தடவை எழுந்து பாத்தேன். ரெண்டாவது ராத்திரி ஒரு தடவை.

திரும்பி போற வண்டி 6:10க்கு. எல்லாருக்கும் ஏதாவது வாங்கியாச்சு. இந்த சங்கு மட்டும் எனக்கு.