தன்விவரக் குறிப்பு: மா. கோமதி

விண்ணப்பிக்கும் பதவி: தலைமைச் செயல் அலுவலர், மா உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கிருஷ்ணகிரி மாவட்டம்

வசிப்பிடம்: காவேரிப்பட்டணம். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உடன் வரும் கடிதத்தின் தலைப்பில் உள்ளன. நான் இப்போது வேலை செய்யும் இடத்துக்கு இந்த விண்ணப்பம் தெரியாது. அதனால் நிறுவனங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. நேர்காணலில் ஆவணங்களோடு சொல்கிறேன். குறிப்பைத் தமிழில் கேட்டிருந்தீர்கள். உறுப்பினர்களின் கையில் போய்ச் சேரும் தாள் இது என்பதால் நானும் அதையே விரும்பினேன்.

சுருக்கம்

26 ஆண்டு அனுபவம். அதில் 13 ஆண்டு ஆலைப் பொறுப்பு. இப்போது இரண்டு மாங்கூழ் ஆலைகளை நடத்துகிறேன். 2023-24இல் விற்பனை ₹78 கோடி, என் கையெழுத்தில் நடந்த ஆண்டுச் செலவு ₹70 கோடி. நிரந்தர ஊழியர் 118 பேர், பருவத்தில் மேலும் 520 பேர். ஏழு துறைத் தலைவர்கள் என்னிடம் நேராகப் பொறுப்புச் சொல்கிறார்கள். பழம் கொடுத்த உழவருக்குப் பணம் போய்ச் சேரும் நாள்களை 52இலிருந்து 9 ஆகக் குறைத்தேன். இந்தத் தாளில் உள்ள எண்களில் நான் பெருமைப்படுவது இந்த எண்ணுக்குத்தான்.

2018 முதல் இன்று வரை: இயக்கத் தலைவர், மாங்கூழ் ஏற்றுமதி நிறுவனம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பொறுப்பு: கொள்முதல், உற்பத்தி, தரம், ஏற்றுமதி, தொழிலாளர் நலம், லாப நட்டக் கணக்கு. இரண்டு ஆலைகளும் சேர்ந்து மணிக்கு 16 டன் பழம் அரைக்கும். முக்கியச் சரக்கு பெங்களூரா எனப்படும் தோத்தாபுரி; அல்போன்சா கொஞ்சம். மா இல்லாத மாதங்களில் கொய்யா, தக்காளி.

நான் சேர்ந்த 2018-19இல் அரைத்த மாம்பழம் 12,400 டன், விற்பனை ₹41 கோடி, வட்டியும் தேய்மானமும் போக வரிக்கு முந்தைய லாபம் ₹1.6 கோடி. 2023-24இல் அவையே 18,000 டன், ₹78 கோடி, ₹5.8 கோடி. அடுத்த ஆண்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2024இல் கடும் வெயிலும் வறட்சியும் பூவைக் கருக்கின. பழம் 11,200 டன்னுக்கு மேல் கிடைக்கவில்லை. விற்பனை ₹61 கோடிக்கும் லாபம் ₹2.1 கோடிக்கும் இறங்கின. கொய்யாவையும் தக்காளியையும் கூட்டி ஆலையை நட்டமில்லாமல் ஓட்டினேன். நிரந்தர ஊழியர் எவரையும் நிறுத்தவில்லை.

பணப் பட்டுவாடா. மாங்கூழ்த் தொழிலின் சிக்கல் முழுவதும் நாள்கணக்கில் இருக்கிறது. பழத்துக்கான ₹29 கோடியும் மே நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை ஏறக்குறைய 75 நாளில் வெளியே போய்விடும். கூழ் விற்ற பணமோ ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வரும். நடுவில் உள்ள இடைவெளியைப் பெரும்பாலான ஆலைகள் உழவரின் தலையில் வைக்கின்றன. நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். நிரப்பிய டிரம்களைக் கிடங்கிலேயே வங்கிக்கு ஈடு காட்டி, பருவக் கடன் வரம்பை ₹22 கோடியாக உயர்த்தினேன். சரக்குக் கணக்கு தினமும் வங்கிக்குப் போனதால் வட்டி 12.4 சதவீதத்திலிருந்து 10.1 சதவீதமாகக் குறைந்தது. எடைமேடைச் சீட்டு அன்றே கணக்குப் பிரிவில் பதிவாக வேண்டும் என்று விதி வைத்தேன். நேரடியாகப் பழம் கொடுக்கும் உழவருக்கு இன்று சராசரியாக 9ஆம் நாள் வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. இதன் பலனைப் பழத்திலேயே பார்த்தோம்: மண்டியையும் ஒப்பந்தக்காரரையும் தாண்டி நேரடியாக வந்த பங்கு 18 சதவீதத்திலிருந்து 2025இல் 46 சதவீதமானது. இப்போது 1,340 உழவர்கள் நேரடியாகக் கொடுக்கிறார்கள்.

2025 பருவம். பழம் குவிந்து பெங்களூரா விலை சரிந்தபோது, முன்கூட்டியே கிலோவுக்கு ₹9 என்று எழுதிக்கொடுத்த 4,300 டன்னுக்கு அந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் குழுவில் வாதாடினேன். சந்தை விலையோடு ஒப்பிட்டால் ₹1.3 கோடி கூடுதல். ஒப்பந்தத்தை மாற்றச் சொன்னவர்களிடம், அடுத்த வறட்சி ஆண்டில் பழத்துக்கு யாரிடம் போய் நிற்போம் என்று கேட்டேன். குழு ஒப்புக்கொண்டது. 640 உழவர்களுக்கும் சொன்ன விலை போனது.

கூழ் விகிதம். நூறு கிலோ பழத்தில் 49.2 கிலோ கூழ் எடுத்த இடத்தில் 52.2 கிலோ எடுக்கிறோம். 18,000 டன்னுக்கு இந்த மூன்று சதவீதம் 540 டன் கூழ். ஏறக்குறைய ₹4 கோடி. புதிய இயந்திரத்தைவிடப் பழுக்கவைக்கும் முறையே இதில் அதிகம் உதவியது. வைக்கோல் குவியலை விட்டுக் கூடைகளுக்கு மாறினோம். காயை முற்றல் பார்த்துப் பிரித்த பிறகே எத்திலீன் அறைக்குள் அனுப்புகிறோம். பாதி பழுத்ததும் அழுகியதும் ஒன்றாக இயந்திரத்துக்குப் போவது நின்றது. கார்பைடு கல் தடைசெய்யப்பட்ட பொருள். அதை வைத்துப் பழுத்த லோடு எதுவும் வாசலைத் தாண்டுவதில்லை.

மூலதனச் செலவு: ஆறு ஆண்டில் ₹14.5 கோடி. கிருமி புகாமல் கூழை டிரம்மில் அடைக்கும் இரண்டாவது அசெப்டிக் நிரப்பும் வரிசைக்கு ₹6.8 கோடி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ₹3.4 கோடி, பழுக்கவைக்கும் அறைகளுக்கு ₹2.4 கோடி, தோலிலும் கழிவுக் கூழிலும் எரிவாயு எடுக்கும் கலனுக்கு ₹1.9 கோடி. நான்கும் ஒப்புதல் பெற்ற தொகைக்குள் முடிந்தன. சுத்திகரிப்பு நிலையம் மட்டும் ஐந்து மாதம் தாமதம். காய்ந்த கொட்டை ஓடும் எரிவாயுவும் கொதிகலனுக்குப் போவதால் பருவத்தில் நாளொன்றுக்கு 24 டன் விறகு எரித்தது 15 டன்னாகக் குறைந்தது. பழுக்கவைக்கும் அறைகளுக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் ₹1.8 கோடி கடன் பெற்றேன். அந்தத் திட்டத்தில் ₹2 கோடி வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் அது திறந்திருக்கிறது.

ஏற்றுமதி. உற்பத்தியில் 64 சதவீதம் சென்னைத் துறைமுகம் வழியாகச் சவுதி அரேபியா, ஏமன், நெதர்லாந்துக்குப் போகிறது. 2018-19இல் சுமார் 220 கன்டெய்னருக்கு 7 தரப் புகார்கள் வந்தன. 2023-24இல் 390 கன்டெய்னருக்கு ஒன்று. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பியச் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது கப்பல் கட்டணம் ஏறியது. புதிய ஒப்பந்தங்களில் துறைமுகம் வரையே எங்கள் பொறுப்பு என்று மாற்றினேன். பழைய விலையில் மாட்டிக்கொண்ட 46 கன்டெய்னருக்கான கூடுதல் கட்டணத்தில் பாதியை வாங்குவோர் ஏற்கும்படி பேசி முடித்தேன்.

ஊழியர்கள். பருவத் தொழிலாளர் 520 பேரில் 340 பேர் பெண்கள். இரவு முறைக்கு வீட்டுத் தெரு வரை வேன் ஏற்பாடு செய்தேன். வருங்கால வைப்பு நிதியையும் ஈட்டுறுதியையும் முதல் நாளிலிருந்து பதியச் செய்தேன். விடுப்பு எடுக்க வைத்த விபத்துகள் ஆண்டுக்கு 11இலிருந்து 2 ஆகின. ஏழு துறைத் தலைவர்களில் மூவர் அரைப்புக்கூடத்தில் கூலியாக நுழைந்தவர்கள்.

என் தவறு ஒன்று. 2021இல் விலை ஏறும் என்று நம்பி, ஒப்பந்தம் இல்லாத கூழை அதிகம் தேக்கிவைத்தேன். ஏறவில்லை, ₹1.1 கோடி இழப்பு. முடிவு முழுக்க என்னுடையது. அதன்பின் உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் விலை பேசாத சரக்கு இருக்கக்கூடாது என்று எழுத்தில் வரம்பு வைத்தேன். இன்றுவரை அதை மீறவில்லை.

2012 – 2018: ஆலைத் தலைவர், காய்கனிப் பதப்படுத்தும் ஆலை, தருமபுரி மாவட்டம்

ஊழியர் 64, பருவத்தில் மேலும் 210. ஆண்டுச் செலவு ₹19 கோடி. விற்பனையை ₹14 கோடியிலிருந்து ₹27 கோடியாக உயர்த்தினேன். பாலக்கோடு, இராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை விழுந்த வாரங்களில் ஆலை மூடிக் கிடந்தது. அந்த வாரங்களிலேயே வாங்கி விழுதாக்கிச் சேமிக்கும் வரிசை ஒன்றை ₹3.2 கோடியில் அமைத்தேன். மூன்றாம் ஆண்டில் அது போட்ட பணத்தை எடுத்துக்கொடுத்தது. உணவுப் பாதுகாப்புக்கான FSSC 22000 சான்றும் என் காலத்தில் கிடைத்தது.

2004 – 2012: ஒப்பந்தச் சாகுபடி மேலாளர், ஊறுகாய் வெள்ளரி ஏற்றுமதி, ஓசூர்

தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாலக்கோடு பகுதிகளில் 2,150 உழவர்கள், 38 களப் பணியாளர்கள். விதை, உரமாக ஆண்டுக்கு ₹4.2 கோடி முன்பணம் கொடுத்து அறுவடையில் பிடித்தம் செய்யும் முறை. திரும்பி வந்த முன்பணம் 88 சதவீதத்திலிருந்து 97 சதவீதமானது. காய் சிறுத்தால் விலை அதிகம், ஒரு நாள் தாமதித்துப் பறித்தால் தரம் இறங்கிவிடும். இதை ஒவ்வோர் ஊரிலும் தராசை வைத்துக்கொண்டு உழவர் முன்னிலையிலேயே பிரித்துக் காட்டினேன். பிடித்தத்தைப் பற்றிய சண்டைகள் அதில்தான் ஓய்ந்தன. உழவரோடு கணக்குப் பேசக் கற்றுக்கொண்டது இந்த எட்டு ஆண்டில்.

1999 – 2004: தர ஆய்வாளர், மாங்கூழ் ஆலை, கிருஷ்ணகிரி. பிரிக்ஸ் எனும் இனிப்பு அளவு, புளிப்பு, நுண்ணுயிர்ச் சோதனை; கடைசி இரண்டு ஆண்டில் ஆறு பேர் கொண்ட ஆய்வகப் பொறுப்பு.

உங்கள் நிறுவனத்தில் முதல் ஆண்டு

உங்கள் அறிவிப்பில் 1,100 உறுப்பினர்கள், சொந்த ஆலை அமைக்கும் எண்ணம் என்று இருந்தது. முதல் ஆண்டிலேயே ஆலை கட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன். உறுப்பினரின் பழத்தைச் சேர்த்து, தரம் பிரித்து, பழுக்கவைத்து, இருக்கும் ஆலைகளில் கூலிக்கு அரைத்து, நம் பெயரில் டிரம்மாக விற்பதே முதல் படி. 2,000 டன் பழத்துக்கு ஏறக்குறைய 1,000 டன் கூழ், 58 கன்டெய்னர். வாங்குவோரைக் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்தக் கணக்கு இரண்டு பருவம் நின்ற பிறகு ஆலையைப் பேசலாம். ஊதியத்தில் ஒரு பகுதியை, உறுப்பினருக்குப் பணம் 10 நாளுக்குள் போய்ச் சேருவதோடு கட்டிவைக்கச் சம்மதிக்கிறேன்.

கல்வி: வேளாண் பொறியியல் இளநிலை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர், 1999. வணிக மேலாண்மை முதுநிலை, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2008. பள்ளிப் படிப்பு காவேரிப்பட்டணம் அரசுப் பள்ளியில்.

மொழிகள்: தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவேன், ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதவும் பேரம் பேசவும் முடியும்.

குடும்பத்துக்கு அகரம் பக்கம் மூன்றரை ஏக்கர் மாந்தோப்பு உள்ளது. பெயர் என் தம்பியுடையது. பழம் இதுவரை நான் வேலை செய்த எந்த ஆலைக்கும் வந்ததில்லை.

மேற்கண்ட எண்கள் நிறுவனத்தின் தணிக்கை செய்த கணக்குகளிலும் என் பணிப் பதிவுகளிலும் உள்ளவை. விசாரிக்க விரும்பினால் முன்னாள் இயக்குநர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், ஒப்பந்த உழவர் ஐவர் ஆகியோரின் பெயரை நேர்காணலில் தருகிறேன். பணி விலக மூன்று மாத அவகாசம் தேவை. பிப்ரவரியில் சேர்ந்தால் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே உறுப்பினரின் தோப்புகளைச் சுற்றிவர முடியும்.

இடம்: காவேரிப்பட்டணம்
நாள்: 3 நவம்பர் 2025
மா. கோமதி