சப்ளையர் ஆண்டுக் கூட்டம்: திருத்திய உரை

மேடம், வணக்கம்.

நீங்கள் அனுப்பிய வரைவைத் திருத்திக் கீழே வைத்திருக்கிறேன். நிதானமாகப் படித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் வளர்ச்சி பற்றிய நான்கு பத்திகளை எடுத்துவிட்டேன். வந்திருப்பவர்களுக்கு அது தெரியும், அவர்கள் அனுப்பிய சரக்கில்தானே வளர்ந்தோம். "நீங்கள் எங்கள் குடும்பம்" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். பில் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறவரிடம் அதைச் சொன்னால் பின்வரிசையில் யாராவது இருமுவார்கள்.

பேமென்ட் அறிவிப்பு உங்கள் வரைவில் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அதை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" போன்ற சொற்கள் வந்த இடங்களில் எல்லாம் நாள் கணக்கைப் போட்டிருக்கிறேன். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ் இரண்டு பேரிடமும் வரிக்கு வரி காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஸ்டோர்ஸ் மட்டும் மூன்று நாள் கெடு இறுக்கமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போன வருடக் கேள்வியை நீங்களே மேடையில் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

உரை இதோ:

அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் இதே கூட்டத்தில், கேள்வி நேரம் முடியப்போகும் சமயத்தில் ஒருவர் எழுந்தார். "மேடம், உங்க ஆர்டர் எல்லாம் அவசரமா வருது. பேமென்ட் மட்டும் நிதானமா வருது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று என்னிடம் பதில் இல்லை.

இன்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

மழையில் சாலை துண்டித்துப்போன அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஸ்டோர்ஸில் இரண்டு நாளுக்கான மூலப்பொருள்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை லைன் நிற்கும் என்றே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். லாரி ஓட்டுநர் ஒருவர் வேறு வழியாக, வழக்கமான தூரத்தைப் போல இரண்டு மடங்கு சுற்றிக்கொண்டு விடியற்காலையில் வந்து கேட்டில் நின்றார். கூடுதல் தூரத்துக்குப் பில் வரும் என்று பார்த்தோம். வரவே இல்லை. நாங்கள்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தோம்.

அட்டைப்பெட்டி செய்து தருகிறவர்களுக்கும் ஒரு நன்றி. வடிவமைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியது நாங்கள். ராத்திரி ஷிப்ட் போட்டது நீங்கள். அந்தக் கணக்கை நாங்கள் மறக்கவில்லை.

இன்னொருவர் இருக்கிறார், பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் அனுப்பிய உதிரி பாகங்கள் எங்கள் தரச் சோதனையில் தேறி உள்ளே போய்விட்டன. அதற்கு மறுநாள் அவரே போன் செய்து, "என் அளவுக்கருவியில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, அந்த லாட்டை ஓட்டாதீர்கள், நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எங்கள் சோதனையில் தப்பிய தவறை அவர் தானாகச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது, எங்கள் வாடிக்கையாளருக்குத்தான் தெரிந்திருக்கும். ஐயா, நீங்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள். நன்றி.

கேன்டீன், பாதுகாப்பு, துப்புரவு, மெஷின் பராமரிப்பு என்று சரக்கு அனுப்பாமல் ஆள் அனுப்புகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. மாதச் சம்பளத்தை முதலில் கொடுத்துவிட்டு, எங்கள் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் நீங்கள். இப்போது சொல்லப்போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

போன வருடக் கேள்விக்குப் பிறகு, பணம் கொடுத்து முடித்த பில்களிலிருந்து இருபதை எடுத்து மேஜையில் பரப்பிப் பார்த்தோம். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாள் என்று இருக்கிறது. அதில் ஒரு பில்லின் கதையைச் சொல்கிறேன். சரக்கு வந்தது. தரச் சோதனை முடிய எட்டு நாள். ஸ்டோர்ஸிலிருந்து காகிதம் அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் போக நான்கு நாள். அங்கே சீல் வைத்த பிறகுதான் 60 நாள் எண்ணத் தொடங்கினோம். ஆக 72. அந்த நாள் வந்தபோது, மாதத்துக்கு ஒரு முறை பணம் அனுப்பும் தேதி முந்தின நாளோடு போய்விட்டிருந்தது. அடுத்த மாதம் வரை பில் அப்படியே கிடந்தது. 60 என்று எழுதிய இடத்தில் 100 நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

இதில் யாரும் வேண்டுமென்றே தாமதம் செய்யவில்லை. ஆளாளுக்கு அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த 40 நாளுக்கு வட்டி கட்டியது நீங்கள். அதற்காக இந்த மேடையிலேயே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் முதல் தேதியிலிருந்து நாங்கள் செய்யப்போவது இது.

60 நாள் என்பது 30 நாள் ஆகிறது. எல்லோருக்கும். இருபது பேருக்குக் குறைவாக ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு 15 நாள். அதற்கு ஒரு பக்கப் படிவம் மட்டும் நிரப்பித் தந்தால் போதும்.

நாளைக் குறைத்தது மட்டும் போதாது என்று அந்த இருபது பில்களே சொல்லிவிட்டன. அதனால் எண்ணத் தொடங்கும் நாளையும் மாற்றுகிறோம். சரக்கு எங்கள் கேட்டுக்குள் வந்த நாள், பில் எங்களுக்குக் கிடைத்த நாள், இரண்டில் எது பிந்தையதோ அன்றிலிருந்து கணக்கு. சேவை தருகிறவர்களுக்கு, சரக்கு வந்த நாளுக்குப் பதிலாக வேலை முடிந்த நாள், மற்றபடி இதே கணக்கு. தரச் சோதனைக்கு எங்களுக்கு மூன்று வேலை நாள். அதற்குள் நாங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால், பில்லைப் பொறுத்தவரை சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே எடுத்துக்கொள்வோம். எங்கள் காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறது என்பது இனி எங்கள் கவலை.

பணம் அனுப்புவது மாதம் ஒரு முறை என்பது போய், வாரம் இரண்டு முறை ஆகிறது, செவ்வாயும் வெள்ளியும். கெடு நாள் இடையில் விழுந்தால் அதற்கு முந்தைய செவ்வாயிலோ வெள்ளியிலோ அனுப்பிவிடுவோம். விடுமுறை வந்தாலும் முன்னால்தான் நகர்த்துவோம்.

அப்புறம், தகராறு உள்ள பில்கள். நூறு பெட்டியில் நான்கு பெட்டி சரியில்லை என்றால், இதுவரை முழு பில்லையும் நிறுத்திவைத்தோம். இனி அந்த நான்குக்கான தொகையை மட்டும் நிறுத்துவோம். மீதி 96-க்கான பணம் உரிய நாளில் வந்துவிடும்.

பழைய பாக்கி இருக்கிறவர்கள் "எங்கள் கதை என்ன" என்று நினைப்பது தெரிகிறது. இரண்டு மாதத்துக்குள், மூன்று தவணையாக முடிக்கிறோம். மிகப் பழைய பில்லுக்கு முதலில். பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்று வரிசை மாறாது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் சீக்கிரம் தருகிறோம், அதனால் விலையைக் குறையுங்கள் என்று எங்கள் பர்ச்சேஸில் யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். கேட்டால் எனக்கு எழுதுங்கள். பில்லை நகர்த்த யாரையாவது "கவனிக்க" வேண்டும் என்று ஒரு ஜாடை வந்தாலும் எனக்கு எழுதுங்கள். எழுதியதால் உங்கள் ஆர்டர் குறையாது, அது என் பொறுப்பு.

உங்களிடமிருந்து கேட்பது மூன்றே விஷயம். பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இருக்கட்டும். எண் இல்லாத பில் யாருடையது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போகிறது. மூன்று ஆர்டரை ஒரே பில்லில் சேர்க்காதீர்கள், ஒன்றில் சிக்கல் வந்தால் மற்ற இரண்டும் மாட்டிக்கொள்ளும். பில்லில் உள்ள எண்ணிக்கையும் விலையும் ஆர்டரோடும் கேட்டில் பதிவான வரவோடும் பொருந்துகிறதா என்று அனுப்பும் முன் ஒரு முறை பாருங்கள். மூன்றும் பொருந்தினால் இடையில் யாரும் அதைத் தொட வேண்டியதே இல்லை.

வங்கிக் கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் யாரோ ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சொல்லும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. பணம் வேகமாகப் போகும்போது அது தவறான இடத்துக்கும் வேகமாகவே போய்விடும். அதனால் கணக்கு மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும், எங்களிடம் ஏற்கனவே பதிவாகியிருக்கும் உங்கள் தொலைபேசி எண்ணுக்கு நாங்களே கூப்பிட்டு உறுதி செய்துகொள்வோம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடமாட்டோம். அதற்கு ஓரிரு நாள் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதேபோல, எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால், அது நாங்கள் இல்லை.

இத்தனையும் நடக்கிறதா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு மூன்று மாதமும், எத்தனை பில்லுக்கு உரிய நாளில் பணம் கொடுத்தோம், எத்தனை தவறின, ஏன் தவறின என்று உங்கள் எல்லோருக்கும் ஒரு பக்கக் கடிதம் வரும். முதல் கடிதம் அவ்வளவு அழகாக இருக்காது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். பழைய பழக்கம் ஒரே நாளில் போகாது. ஆனால் எண்ணிக்கையை மறைக்கமாட்டோம். அடுத்த வருடம் இங்கே கேள்வி கேட்க வருகிறவர் அந்த நான்கு கடிதங்களையும் கையில் எடுத்துக்கொண்டு வரலாம்.

போன வருடம் கேட்டவரும் வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில் பார்த்தேன். ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வருடம் எடுத்துக்கொண்டோம். அதுவும் கொஞ்சம் நிதானம்தான், மன்னிக்கவும்.

அக்கவுண்ட்ஸில் இருந்து நான்கு பேர், பாக்கிப் பட்டியலோடு வலது பக்க மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் கம்பெனி பெயரைச் சொன்னால், எந்த பில் நிற்கிறது, எந்தத் தவணையில் வரும் என்று சொல்வார்கள். பட்டியலில் இல்லாத பில் உங்களிடம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்து கடைசி ஆள் கிளம்பும் வரை அவர்கள் இருப்பார்கள். நானும் இருப்பேன்.

நன்றி. வணக்கம்.