விலைப்பட்டியல் அனுப்ப முன்னம் ஒரு கையொப்பம் வேண்டும் அண்ணா

வணக்கம் அண்ணா,

வெள்ளிக்கிழமை உங்கள் களஞ்சியத்தில் கதைத்தபோது நீங்கள் கேட்ட ஆலை விலை, கலவை விபரம், அடுத்த வருடத் திட்டம் மூன்றும் கோப்பாகத் தயாராக இருக்கின்றன. ஆனால் அவற்றை அனுப்ப முன்னம், இத்துடன் இணைத்திருக்கும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் கையொப்பமிட்டுத் தரவேண்டும். மொத்தமே மூன்று பக்கம்தான். அது வந்த அன்றே கோப்புகளை அனுப்பிவிடுவேன்.

உங்களில் நம்பிக்கை இல்லாமல் கேட்பதாக நினைக்கவேண்டாம். மச்சான் உங்களை அறிமுகப்படுத்தும்போதே "வாக்குத் தவறாத ஆள்" என்றுதான் சொன்னார், அது போதாவிட்டால் நான் புறக்கோட்டைக்கு வந்து இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்க மாட்டேன். விஷயத்தை நேராகவே சொல்கிறேன். நீங்கள் வேறு இரண்டு ஆலைகளின் சரக்கையும் விநியோகிக்கிறீர்கள், அதில் ஒன்று எங்களைப் போலவே சிவப்பரிசி இடியப்ப மா செய்கிறது. அது உங்கள் தொழில், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் விலையும் அவர்கள் விலையும் ஒரே மேசையில் கிடக்கும், ஒரே விற்பனைப் பெடியன்கள்தான் இரண்டையும் கடைகளுக்குக் கொண்டு போவார்கள், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லாவிட்டாலும் பேச்சுவாக்கில் ஒரு எண் வெளியே போய்விடும். நான்காம் குறுக்குத் தெருவில் காலையில் சொன்ன விலை மத்தியானத்துக்குள் எத்தனை கடைக்குப் போகும் என்று எனக்கு நீங்கள் சொல்லித் தரத் தேவையில்லையே!

விலைக் கோப்பில் இருப்பது பைக்கற்றில் அடித்த சில்லறை விலை இல்லை. அளவைப் பொறுத்து நாங்கள் இறங்கக்கூடிய கடைசி விலை, கடன் நாட்கள், திரும்பி வரும் சரக்குக்கு யார் பொறுப்பு, சுப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுக்கும் கழிவு எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி விலை போட்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டால் அவர் அதற்குக் கீழே பத்து ரூபா குறைத்தாலே போதும், எங்களுக்குப் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. கலவை விபரம் இன்னும் பாரதூரமானது. என்னென்ன சேர்க்கிறோம் என்பது எப்படியும் லேபலில் அச்சாகிறது, அதில் இரகசியம் இல்லை. ஒடியல் மாவை எந்த விகிதத்தில் கலக்கிறோம், அரிசியை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வறுக்கிறோம் என்பதுதான் எங்கள் சொத்து.

பைக்கற்றின் பெயரைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். விகிதத்தையும் வறுவலையும் அப்படிப் பதிய முடியாது. அவற்றுக்கு இருக்கும் பாதுகாப்பு, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் வெளியிடப்படாத தகவல் என்று சொல்லியிருக்கிறதே, அதுதான். அந்தச் சட்டம் உரிமைக்காரரையும் ஒன்று கேட்கிறது: அதை இரகசியமாக வைக்க நீ நியாயமான நடவடிக்கை எடுத்தாயா? ஒரு கடதாசியும் இல்லாமல் நானே வாட்சப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு "ஐயோ இரகசியம்" என்று நீதிமன்றத்தில் போய் நின்றால் சிரிப்பார்கள். ஆகவே உங்களிடம் மட்டும் இல்லை, பொதி அச்சிடுபவரிடமும் இதே ஒப்பந்தத்தைத்தான் வாங்கினேன்.

இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். உங்கள் கடைகளின் பட்டியல், எந்த ஊருக்கு எந்தக் கிழமை லொறி போகிறது, எந்தக் கடை காசோலையைத் திருப்புகிறது என்பதெல்லாம் நீங்கள் எங்களுக்குச் சொல்லத்தான் போகிறீர்கள். அதை நாங்களும் வெளியே விட முடியாது, நாளைக்கு நேரே அந்தக் கடைகளுக்குப் போய் விற்கவும் முடியாது.

யார் பார்க்கலாம் என்பதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. நீங்கள், கணக்குப் பார்க்கும் உங்கள் மகன், உங்கள் கணக்காளர், சட்டத்தரணி, அவ்வளவுதான். விற்பனைப் பெடியன்களுக்கு வேண்டாம், அவர்களுக்குக் கடைக்குக் கொடுக்கும் விலை தெரிந்தால் போதும். எந்த வாட்சப் குழுவிலும் போடக்கூடாது, "நம்மட ஆக்கள் மட்டும்தான்" இருக்கும் குழுவாக இருந்தாலும் சரி. நீங்கள் ஏற்கெனவே அறிந்திருந்தது, கடை இறாக்கையில் எவரும் பார்க்கக்கூடியது, வேறொருவர் முறையாக உங்களுக்குச் சொன்னது, நீதிமன்றம் கேட்டால் கொடுக்கவேண்டியது, இவை எதுவும் இதற்குள் வராது.

காலம் இரண்டு வருடம். கலவை விபரத்துக்கு மட்டும் அது வெளியே தெரியாமல் இருக்கும்வரை. சேர்ந்து செய்வதில்லை என்று முடிவானால் 14 நாளுக்குள் கோப்புகளை அழித்துவிட்டு ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் சரி. எங்கள் சட்டத்தரணி மீறினால் 50 இலட்சம் என்று ஒரு வாசகம் போட்டிருந்தார், நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். வியாபாரம் தொடங்க முன்னமே ஒருவரை அப்படி மிரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் நடந்த நட்டத்தைக் கேட்கலாம், தடையுத்தரவு கேட்கலாம், வழக்கு என்று வந்தால் கொழும்பு நீதிமன்றம்.

கையொப்பம் வைத்துவிட்டால் எங்களுடன்தான் செய்யவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. விலையைப் பார்த்துவிட்டு "சரிவராது தங்கச்சி" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மற்ற இரண்டு ஆலைகளின் சரக்கை நிறுத்தச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

அதுவரை ஒளிக்காமல் சொல்லக்கூடியவை இவை. சிவப்பரிசி இடியப்ப மா, வெள்ளையரிசி மா, குரக்கன் மா, ஒடியல் கூழ் மா என்று நாலு வகை, 400 கிராமிலும் ஒரு கிலோவிலும் வருகிறது. வத்தளை ஆலையில் மாதம் ஆறு தொன்வரை செய்யலாம். கொழும்பையும் கம்பஹாவையும் நாங்களே பார்க்கிறோம், உங்களிடம் எதிர்பார்ப்பது மலையகமும் மட்டக்களப்பும்.

கையொப்பமிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பெயரில் தனியாளாக வைக்காமல் கம்பனியின் பணிப்பாளர் என்று எழுதி, பதிவிலக்கத்தையும் போடுங்கள். தனியாளாக வைத்தால் கம்பனி கட்டுப்படாது, பிறகு திரும்ப எழுதவேண்டி வரும். கடதாசியில் என்றால் இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கக் கையொப்பம், ஆளனுப்பி எடுக்கிறேன். மின்னஞ்சலில் இலத்திரனியல் கையொப்பம் வைத்தாலும் எனக்குச் சம்மதம், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி அது செல்லும். வாசிக்க வசதியாகத் தமிழ்ப் பிரதியும் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலப் பிரதிதான்.

மாற்றவேண்டிய வாசகம் இருந்தால் சிவப்பில் குறித்து அனுப்புங்கள், உங்கள் சட்டத்தரணி எங்கள் ஆளோடு நேரே கதைத்தாலும் நல்லது. அடுத்த வியாழனுக்குள் கிடைத்தால் தைப்பொங்கல் ஓடருக்கு அரிசி எவ்வளவு எடுப்பது என்று உங்களோடு இருந்தே கணக்குப் போடலாம். அதற்குப் பிந்தினால் பொங்கலுக்கு மலையகத்தை விட்டுவிட்டு மாசியில்தான் தொடங்கவேண்டி வரும்.

அன்புடன்,
வத்தளை மா ஆலைத் தங்கச்சி